அரை கிரவுண்டில் 2,400 சதுர அடி கட்டலாம் என்று நம்பி மனை வாங்காதீர்கள்

“அரை கிரவுண்டு சார், எஃப்எஸ்ஐ 2, அப்படின்னா 2,400 சதுர அடி கட்டிக்கலாம்ல?” வீட்டு பிளான் போடச் சொல்லி வருகிறவர்களில் பலர் பேச்சைத் தொடங்குவதே இப்படித்தான். கணக்கில் பிழையில்லை. ஆனால் பாதிக் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டிட விதிகளின்படி, உயர்மாடி அல்லாத சாதாரணக் கட்டிடத்துக்கு எஃப்எஸ்ஐ 2. மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு வரை, எல்லா மாடியும் சேர்த்து, கட்டலாம் என்று அர்த்தம். அது ஒரு உச்சவரம்பு, அவ்வளவுதான். அந்த அளவு உங்கள் மனைக்குள் அடங்குமா என்பதைச் சொல்வது செட்பேக், அதாவது நாலு பக்கமும் காலியாக விட வேண்டிய இடம்.

அந்த அரை கிரவுண்டையே, அதாவது 30க்கு 40 அடி மனையையே எடுத்துக்கொள்வோம். சாலையின் அகலம், கட்டிடத்தின் உயரம், மனையின் அகலம் இதையெல்லாம் வைத்து செட்பேக் மாறும். கணக்கு எளிதாக இருக்க நாலு பக்கமும் 5 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலத்தில் 10 அடி போய் 20, நீளத்தில் 10 போய் 30. ஆக ஒரு மாடிக்கு 600 சதுர அடி. தரைத்தளமும் முதல் மாடியும் சேர்த்து 1,200. விதி கொடுக்கிற 2,400-ஐ எட்ட வேண்டுமென்றால் நாலு தளம் வேண்டும், தளத்துக்கு 10 அடி என்றாலே 40 அடி உயரம். உயரம் கூடக் கூட விட வேண்டிய இடமும் கூடும் என்பதால் அந்த 600-ம் சுருங்க ஆரம்பிக்கும். நம்மில் பலர் சறுக்குவது இங்கேதான்: இரண்டு மாடிக்கு உரிய செட்பேக்கில் இப்போது கட்டிவிட்டு, “பையன் கல்யாணத்துக்கு மேலே ரெண்டு போட்டுக்கலாம்” என்று தூணை மட்டும் கனமாகப் போட்டு வைக்கிறார்கள். தூண் தாங்கும், அனுமதி கிடைக்காது.

இதுவே 60க்கு 100 மனையாக இருந்தால் கதை தலைகீழ். அதே 5 அடி விட்டாலும் தளத்துக்கு 4,500 கிடைக்கிறது, எஃப்எஸ்ஐ தருவது மொத்தம் 12,000, அதனால் மூன்றாவது தளம் முழுசாக வருவதற்குள் உச்சவரம்பு இடித்துவிடும். பெரும்பாலும் சின்ன மனையைக் கட்டுப்படுத்துவது செட்பேக், பெரிய மனையைக் கட்டுப்படுத்துவது எஃப்எஸ்ஐ. மனை பார்க்கப் போகும்போது இரண்டையும் போட்டுப் பார்த்து, எது சின்ன எண்ணோ அதை நம்பித்தான் விலை பேச வேண்டும்.

அந்த 600-ம் நீங்கள் நடமாடுகிற இடம் இல்லை. எஃப்எஸ்ஐ சுவரின் கனத்தையும் சேர்த்தே கணக்கிடுகிறது. வெளிச்சுவர் 9 அங்குலம் என்றால் உள்ளே 18.5க்கு 28.5, சுமார் 527 சதுர அடி. அதிலும் உள்சுவர், மாடிப்படி எல்லாம் கழியும். கார் நிறுத்த தரைத்தளத்தைத் தூண்களோடு திறந்து விட்டால் அந்தப் பரப்பு எஃப்எஸ்ஐயில் வராது, நல்லதுதான், ஆனால் உயரத்தில் ஒரு தளத்தை அது தின்றுவிடும்.

அப்புறம் சாலை. கூடுதல் கட்டணம் கட்டி பிரீமியம் எஃப்எஸ்ஐ வாங்கலாம், ஆனால் அதற்கு சாலை குறைந்தது 9 மீட்டர் இருக்க வேண்டும். 9 முதல் 12 மீட்டருக்குள் என்றால் 30 சதவீதம் கூடுதல், 12 முதல் 18-க்குள் 40, அதற்கு மேல் 50. விளம்பரத்தில் “30 அடி ரோடு” என்று இருக்கும். 9 மீட்டர் என்பது கிட்டத்தட்ட 29.5 அடி, ஆக மிச்சம் அரை அடிதான். எதிர்வீட்டுக்காரர் காம்பவுண்டை ஓரடி வெளியே தள்ளிக் கட்டியிருந்தால் டேப்பில் 29 தான் வரும். அதனால் லேஅவுட் வரைபடத்தையும் பாருங்கள், நேரில் போய் டேப்பும் பிடியுங்கள். மனைக்கும் அதே கதைதான்: பத்திரம், பட்டா, நேரடி அளவு மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் எது குறைவோ அதை வைத்தே கணக்குப் போடுங்கள்.

“திருவல்லிக்கேணியில சுவரோடு சுவர் ஒட்டித்தானே கட்டியிருக்காங்க?” என்று கேட்கிறவர்களும் உண்டு. அங்கே பல தெருக்கள் தொடர் கட்டிடப் பகுதி என்று அறிவிக்கப்பட்டவை, அதனால் பக்கவாட்டில் இடம் விடாமல் கட்டலாம். உங்கள் புறநகர் லேஅவுட் அப்படி இல்லை. அங்கே பக்கத்து வீட்டுக்காரர் ஒட்டிக் கட்டியிருக்கிறார் என்றால் அது பெரும்பாலும் அவர் செய்த மீறல், உங்களுக்கான அனுமதி இல்லை.

2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையான மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது அதோடு ஒரு மாடி கட்ட, சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. வேகம்தான், ஆனால் கள ஆய்வுக்கு ஆள் வந்து “இங்க ரெண்டடி குறையுதே” என்று முன்கூட்டியே சொல்ல மாட்டார். அஸ்திவாரத்துக்கு மார்க் பண்ணும் அன்று, சுண்ணாம்புக் கோட்டுக்கும் மனையின் எல்லைக் கல்லுக்கும் நடுவே நீங்களே டேப் பிடியுங்கள். கோணலான மனை என்றால் ஒரு மூலையில் மட்டும் பார்த்தால் போதாது, எங்கே மிகக் குறுகலோ அங்கே செட்பேக் இருக்கிறதா என்று பாருங்கள்.