விமர்சன வீடியோவுக்கு இரண்டு விலை கேளுங்கள்

சிறிய யூடியூபரிடம் உங்கள் பொருளைப் பற்றி விமர்சன வீடியோ கேட்கும்போது ஒரே தொகையாகப் பேசாதீர்கள். தயாரித்துத் தம் சேனலில் வெளியிட ஒரு கட்டணம், அதை நீங்கள் விளம்பரமாக ஓட்ட இன்னொரு கட்டணம் என்று பிரித்துக் கேளுங்கள். சந்தாதாரர் குறைவு என்று பேரம் பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. படப்பிடிப்புக்கும் எடிட்டிங்குக்கும் ஆகும் உழைப்பு அதனால் குறைவதில்லை.

அவர் கேட்கும் தொகை உங்களுக்கு எட்டவில்லையென்றால் விளம்பரமாக ஓட்டும் உரிமையைக் குறையுங்கள்: ஓராண்டுக்குப் பதில் 30 நாள், எல்லாத் தளங்களுக்கும் பதில் இன்ஸ்டாகிராம் மட்டும், முழு வீடியோவுக்குப் பதில் 20 விநாடித் துண்டு. அந்த 30 நாள் வீடியோ வெளியான தேதியிலிருந்தா, விளம்பரம் தொடங்கும் தேதியிலிருந்தா என்பதையும் மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். துண்டை வெட்டும்போது அவர் சொன்ன குறை காணாமல் போய்விடலாம். ஆகவே ஓட்டும் முன் அவரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள்.