பவுச் அடிப்பதற்கு முன்னால் ஒரு வாக்கியம்

திருப்பூரில் இருக்கும் என் பெரியம்மா மகள் சத்துமாவு வியாபாரம் தொடங்கியபோது, முதலில் செலவழித்தது மாவுக்கு அல்ல, பவுச்சுக்கு. ஒரு கிலோ பிடிக்கிற, நிற்கும் வகைப் பவுச், 2,000 எண்ணிக்கை. வடிவமைப்பும் அச்சும் சேர்த்து 24,000 ரூபாய். அதன் மேல் போட வாசகம் எழுதிக் கொடுத்தது நான்தான்: "குழந்தைகள் முதல் பெரியவர்கள் வரை அனைவருக்கும் ஏற்ற, தரமான, பாரம்பரிய சத்துமாவு." பக்கத்தில் தவழும் குழந்தையின் படம். அந்தப் பவுச்சுகளில் பெரும்பகுதி இன்னும் அக்கா வீட்டுப் பரணில் கிடக்கிறது. யாருக்கு, எதை விற்கிறோம் என்று சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தை முதலில் சரியாக எழுதியிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். எங்கே தவறினோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

"அனைவருக்கும்" என்று எழுதுவது

தமிழில் ஒரு வசதி உண்டு. "சத்துமாவு விற்கிறேன்" என்றாலே வாக்கியம் முடிந்துவிடும். யாருக்கு என்று சொல்லாவிட்டாலும் இலக்கணம் கேள்வி கேட்காது. "அனைவருக்கும்" என்று சேர்த்தால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டதாகவே தோன்றும். ஆனால் அடுப்பில் வாணலியை வைக்கும்போது அந்த வார்த்தை உதவாது. ஒரு வயதுக் குழந்தைக்கு என்றால் நைசாக அரைத்து, சலித்து, பருப்புத் துண்டு ஒன்றுகூட இல்லாமல் தர வேண்டும். பள்ளிப் பிள்ளைக்கு என்றால் ஏலக்காயும் முந்திரியும் தூக்கலாக இருந்தால்தான் டம்ளர் காலியாகும். சர்க்கரை நோய் உள்ள தாத்தாவுக்கு அவலும் ஜவ்வரிசியும் ஆகாது, அரைப்பும் கொஞ்சம் கரகரப்பாக இருக்க வேண்டும். மூன்றும் மூன்று பண்டம். அக்கா மூன்றுக்கும் நடுவில் ஒன்றை அரைத்தாள். குழந்தைக்கு அது திப்பித்திப்பியாக இருந்தது, தாத்தாவுக்கு இனிப்பாக இருந்தது.

இதைவிடப் பெரிய சிக்கல் பிறகுதான் தெரிந்தது. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் தாய்ப்பாலோடு சேர்த்துத் தருவது என்று சொல்லி விற்கும் எதுவும் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி "குழந்தை உணவு" ஆகிவிடுகிறது. 2003இல் அந்தச் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். அப்படிப்பட்ட உணவுக்கு விளம்பரம் செய்யக் கூடாது. உறையில் குழந்தையின் படமோ பெண்ணின் படமோ போடக் கூடாது. எங்கள் பவுச்சில் தவழும் குழந்தை இருந்தது. மறுபக்கம் "சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தும்" என்று போட நினைத்ததும் தவறுதான். உணவுப் பொருள் நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று எழுத உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் கொடுப்பதில்லை. யாருக்கு என்பதை முதலில் எழுதியிருந்தால், அந்த ஆளுக்கு விற்க என்னென்ன விதி என்று அச்சுக்குப் போகும் முன்பே விசாரித்திருப்போம்.

அடைமொழிகளை அடுக்குவது

"தரமான, இயற்கையான, பாரம்பரிய" என்ற சொற்கள் வாக்கியத்தை நிரப்பும், வேலை செய்யாது. சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. அந்தச் சொல்லை எதிர்ச்சொல்லாக மாற்றிப் பாருங்கள். "தரமற்ற சத்துமாவு" என்று விற்க யாரும் வரமாட்டார்கள். அப்படியானால் "தரமான" என்பது உங்களைப் பக்கத்துக் கடையிலிருந்து பிரித்துக் காட்டவில்லை, அடித்துவிடலாம். "காய்ச்சத் தேவையில்லாத" என்பதை மாற்றிப் பாருங்கள். காய்ச்ச வேண்டிய மாவுதான் கடையெல்லாம் இருக்கிறது. ஆகவே அந்தச் சொல் நிற்கும்.

வயதையும் பாலினத்தையும் வாடிக்கையாளர் என்று நினைப்பது

பவுச் தோல்விக்குப் பிறகு நாங்கள் எழுதிய இரண்டாவது வாக்கியம்: "25 முதல் 40 வயது வரையுள்ள, வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு, பிள்ளைகளுக்கான சத்துமாவு." கொஞ்சம் தேறியது போல இருந்தது. ஆனால் இதை வைத்துக்கொண்டு எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு, யாரிடம் போய் நிற்பது? வங்கியில் வேலை பார்ப்பவரும் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவரும் இதற்குள் வருகிறார்கள். இருவருடைய காலை நேரமும் ஒன்றல்ல, சம்பளம் வரும் நாளும் ஒன்றல்ல.

அக்கா வீடு இருக்கும் பகுதியில் பெரும்பாலும் கம்பெனிக்குப் போகிறவர்கள்தான். எட்டரை ஷிப்டுக்கு எட்டு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். வாரச் சம்பளம், சனிக்கிழமை கைக்கு வரும். ஒரு கிலோ 400 ரூபாய் என்ற பொட்டலத்தை அவர்கள் ஏன் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்கள் என்பது இதை யோசித்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. வாரத்துக்கு வாரம் காசு புரளும் வீட்டில் மாதத்துக்கான பொட்டலம் சுமை. வயதைக் குறிப்பதைவிட, "எட்டு மணிக்குக் கிளம்புகிறவர், சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறவர்" என்று குறிப்பது பொட்டலத்தின் அளவையும் விலையையும் விற்கும் நாளையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

"வாங்குவீங்களா?" என்று கேட்பது

வாக்கியத்தை எழுதியதும் அது உண்மையா என்று நாலு பேரிடம் போய்ப் பார்க்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். சொந்தக்காரர்களிடம் போய், "நான் சத்துமாவு போடப் போறேன், வாங்குவீங்களா?" என்று கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். எங்களிடமும் "கண்டிப்பா" என்று சொன்னவர்கள் நிறைய. அந்தக் "கண்டிப்பா"வை நம்பித்தான் 2,000 பவுச்.

இரண்டாம் முறை அக்கா வேறு மாதிரி கேட்டாள். வருங்காலத்தைப் பற்றிக் கேட்காமல், நேற்றைப் பற்றிக் கேட்டாள். பக்கத்து லைன் வீட்டுப் பெண்ணோடு நடந்த பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"நேத்துக் காலைல பையன் என்னங்க சாப்பிட்டான்?"

"சின்னவனுக்கு என்ன அக்கா கவலை, ஸ்கூல்லயே உப்புமா போடறாங்க. பெரியவதான் டீயில ரெண்டு வர்க்கியத் தொட்டுத் தின்னுட்டு ஓடறா."

"நீங்க கஞ்சி காய்ச்சி வெச்சுட்டுப் போனா குடிக்க மாட்டாளா?"

"ஆறி ஆடை கட்டிருதுக்கா. அப்படியே கெடக்கும். சாயங்காலம் வந்து நாந்தான் கீழ கொட்டறேன்."

இந்த நாலு வரிப் பேச்சு எங்கள் வாக்கியத்தில் மூன்று ஓட்டைகளைக் காட்டியது. முதலாவது, சின்னப் பிள்ளைகள் எங்கள் வாடிக்கையே அல்ல. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க விரிந்தது. அதற்கும் கீழே உள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடியிலேயே சத்துமாவு இலவசமாகக் கிடைக்கிறது. பசி மிஞ்சியிருப்பது ஆறாம் வகுப்புக்கு மேலே.

இரண்டாவது, எங்களுக்குப் போட்டி இன்னொரு சத்துமாவு என்று நினைத்திருந்தோம். போட்டி டீயும் வர்க்கியும்.

மூன்றாவதுதான் அடிப்படையையே மாற்றியது. காசு கொடுப்பவர் அம்மா, ஆனால் சாப்பிடும் நேரத்தில் அவர் வீட்டில் இல்லை. எட்டு மணிக்கு அவர் கிளம்பியபின் பிள்ளை தனியாகப் பள்ளிக்குத் தயாராகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அடுப்பைப் பற்றவைத்து, கட்டி தட்டாமல் கிளறிக் கஞ்சி காய்ச்சுமா? காய்ச்சி வைத்தால் ஆடை கட்டும். வாங்குகிறவர் ஒருவர், தின்கிறவர் இன்னொருவர் என்ற இடங்களில் வாக்கியத்தில் இருவருமே இருக்க வேண்டும். ஒருவரை விட்டால் பண்டம் வாங்கப்படும், தின்னப்படாது. அடுத்த வாரம் வாங்கவும் மாட்டார்கள்.

ஆக, விற்க வேண்டியது மாவே அல்ல என்று தெரிந்தது. மூன்றாவது வாக்கியத்தை அக்கா சமையலறைக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதினாள்:

"காலை எட்டு மணிக்குக் கம்பெனிக்குக் கிளம்பிவிடும் அம்மாக்களுக்கு, ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளை டீ வர்க்கிக்குப் பதிலாகத் தானே எடுத்துத் தின்ன, ஒரு வாரத்துக்கான பத்து சத்துமாவு உருண்டை, சனிக்கிழமை சாயங்காலம் 80 ரூபாய்க்கு."

நீளமான வாக்கியம்தான், ஆனால் ஒவ்வொரு துண்டும் ஒரு செலவை முடிவு செய்கிறது. உருண்டை என்பதால் அச்சடித்த பவுச் வேண்டாம். பத்து என்பது ஐந்து பள்ளி நாளுக்கு, நாளைக்கு இரண்டு. ஒரு வாரம் கெடாமல் இருக்க வேண்டும் என்பதால் தண்ணீர் படாமல், வறுத்த கேழ்வரகு மாவு, பொட்டுக்கடலை, நிலக்கடலை, வெல்லத்தூள், கொஞ்சம் நெய். கேழ்வரகு மாவை வாசம் வரும்வரை வறுக்காவிட்டால் பச்சை வாடை அடிக்கும், காய்ச்சாமல் தின்னும் பண்டத்தில் அது உடனே தெரிந்துவிடும்.

வாக்கியத்தில் "மற்றும்" சேர்ப்பது

எழுதி முடித்த வாக்கியத்தின் நடுவில் "மற்றும்" வந்தால், இரண்டு வியாபாரத்தை ஒன்றாகக் கட்டியிருக்கிறோம் என்று பொருள். "உருண்டை மற்றும் ஹெல்த் மிக்ஸ்" என்றால் இரண்டு வாடிக்கை, இரண்டு பொட்டலம், இரண்டு முதலீடு. ஒன்றை வெட்டுங்கள்.

செலவைத் திறக்கும் சாவி

அக்கா அந்த வாக்கியத்தை மாற்றாமல் அப்படியே, சனிக்கிழமை சாயங்காலம் லைன் வீடுகளில் பதினைந்து பேரிடம் சொன்னாள். மாதிரி உருண்டை ஒன்றைக் கையில் கொடுத்தாள். நல்லா இருக்கு என்ற பாராட்டைக் கணக்கில் எடுக்கவில்லை. 80 ரூபாயை முன்கூட்டித் தந்தவர்களை மட்டும் எண்ணினாள். ஒன்பது பேர் தந்தார்கள், 720 ரூபாய். தராத ஆறு பேரில் நான்கு பேர் வீட்டில் மாமியார் இருந்தார், காலையில் இட்லி சுடுகிறவர். "அம்மா போனபின் வீட்டில் பெரியவர்கள் இல்லாத" என்ற துண்டு அப்படித்தான் வாக்கியத்தில் சேர்ந்தது.

அதன்பிறகுதான் பணத்தைத் தொட்டாள். வீட்டிலிருந்து சிறு அளவில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம் என்பதால், முதல் உருண்டையைப் பிடிக்கும் முன் அதை ஆன்லைனில் போட்டு வாங்கினாள். பொருள் வாங்க வந்த முன்பணமே போதுமாக இருந்தது. டப்பா வாடிக்கையாளர் கொண்டுவந்தது.

இரண்டு மாதம் கழித்து, அதே தெருவில் ஜிம் வைத்திருப்பவர் வந்து புரோட்டீன் உருண்டை வாரம் நூறு கேட்டார். அக்கா காலண்டரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். "உங்களுக்கு வேற வாக்கியம் எழுதணுங்க. இது முப்பது வீடு ஆகட்டும்" என்று சொல்லி அனுப்பினாள். அப்போது இருபத்திரண்டு வீடு ஆகியிருந்தது.