குக்கீ பொத்தானில் ‘மறுக்கிறேன்’ வெட்டுப்படாமல் பாருங்கள்

செயலியின் குக்கீ அறிவிப்பைத் தமிழாக்கும்போது இரண்டு பொத்தான்களும் ஒரே வடிவில் இருக்கட்டும்: ‘எல்லாவற்றையும் ஏற்கிறேன்’, ‘எல்லாவற்றையும் மறுக்கிறேன்’. சின்னத் திரையில் இரண்டாவது ‘எல்லாவற்றையும் மறு…’ என்று வெட்டுப்பட்டால், மறுப்பா மறுபடியுமா என்றே புரியாது. அப்படியானால் ‘ஏற்கிறேன்’, ‘மறுக்கிறேன்’ என்று இரண்டையும் சேர்த்தே சுருக்குங்கள். ஒன்றை மட்டும் சுருக்கினால் பயனரை ஒரு பக்கம் தள்ளுவது போலாகும். ‘எல்லாக் குக்கீகளையும்’ என்பதை மேலே உள்ள வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

அப்புறம், பயனரின் தரவு உரிமைகளைச் சொல்லும் பகுதி. சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் தரவை அழிக்கக் கேட்பதும் வேறு வேறு உரிமைகள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரில் அவை 7, 17 எனத் தனித்தனிப் பிரிவுகளில் வருகின்றன. இரண்டையும் கலந்து ‘சம்மதத்தை விலக்கினால் தரவும் அழிக்கப்படும்’ என்று எழுதினால், மூலத்தில் இல்லாத வாக்குறுதியை நிறுவனத்தின் பெயரில் நீங்களே கொடுத்ததாகிவிடும்.