நல்லெண்ணெய்ப் பட்டியல் மறுக்கப்பட்டபோது

எங்கள் மரச்செக்கு நல்லெண்ணெய்க்கான விற்பனைப் பக்கத்தை இணையச் சந்தை திரும்பத் திரும்ப நிராகரித்தது. படத்தை மாற்றினேன், உரிம எண்ணை மறுபடி ஏற்றினேன். பலனில்லை. '100% தூய்மை' என்பதை 'சுத்தமானது' என்று மாற்றியும் அதே கதிதான்.

சிக்கல் கருப்பட்டியில் இருந்தது. 2018 உணவு விளம்பர விதிகளின்படி, வேறெதுவும் சேர்க்காத ஒற்றைப் பொருளையே தூய்மையானது என்று சொல்லலாம். எள் ஆட்டும்போது நாங்கள் கருப்பட்டி போடுகிறோமே!

அந்தச் சொல்லை நீக்கிவிட்டு இப்படி எழுதினேன்: "எள்ளுடன் கருப்பட்டி சேர்த்து ஆட்டி, தெளியவைத்து, துணியில் வடிகட்டியது. எள்ளைப் பொறுத்து நிறம் மாறும். அடியில் சிறிது மண்டி தங்கலாம். ஆட்டிய தேதி மூடியில் உள்ளது."

பக்கம் ஏற்கப்பட்டது. மண்டியைக் காட்டிப் புட்டியைத் திருப்பி அனுப்புவதும் குறைந்துவிட்டது, அப்பாடா!