அட்டையில் ‘டிரெய்னி’ என்று போட்டால் அப்ரண்டிஸ் ஆகிவிட முடியாது

என் அக்கா மகன் அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்தவன். முடித்த மாதமே இரண்டு இடங்களில் கூப்பிட்டார்கள். ஓர் இடத்தில் மாதம் ஒன்பதாயிரம், அப்ரண்டிஸ். இன்னொன்றில் பதின்மூன்றாயிரம், ‘டிரெய்னி’. பதின்மூன்றாயிரத்துக்குப் போனான். வீட்டில் யாரும் தடுக்கவில்லை, நானும்தான்.

ஓர் ஆண்டு கழித்து ஓர் அனுபவச் சான்றிதழோடு வந்தான். கம்பெனி லெட்டர்ஹெட், மேனேஜர் கையெழுத்து, வட்ட முத்திரை எல்லாம் அதில் இருந்தன. என்.ஏ.சி. என்று சொல்லப்படும் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் மட்டும் இல்லை. அவன் செய்த வேலை 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்துக்குள் வரவே இல்லை. ஒப்பந்தக்காரர் மூலம் எடுக்கப்பட்ட கூலி வேலைக்கு ‘பயிற்சி’ என்று பெயர் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இதைச் சேரும்போதே கண்டுபிடித்திருக்கலாம். அவனுடைய முதல் மாதச் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். பி.எஃப். பிடித்தம், இ.எஸ்.ஐ. பிடித்தம் என்று இரண்டு வரிகள் இருந்தன. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் அப்ரண்டிஸ் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர்; அவருக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. பொருந்தாது. ஆகவே பிடித்தம் இருந்தால் நீங்கள் வேலையாள். வேலையாளாக இருப்பது குற்றமல்ல, என்.ஏ.சி. வரும் என்று காத்திருப்பதுதான் தவறு.

பிடித்தம் இல்லாவிட்டாலும் அப்ரண்டிஸ் என்று நம்பிவிடக் கூடாது. பி.எஃப். கட்டாமல் ஏமாற்றும் இடமாகவும் இருக்கலாம். உறுதியான அடையாளம் ஒப்பந்தம். நிறுவனமும் நீங்களும் செய்துகொள்ளும் பயிற்சி ஒப்பந்தம் apprenticeshipindia.gov.in தளத்தில் பதிவாக வேண்டும். உங்கள் கணக்கில் நுழைந்தால் எந்தத் தொழிற்பிரிவு, எந்தத் தேதியிலிருந்து எதுவரை, உதவித்தொகை எவ்வளவு என்பதெல்லாம் தெரியும். ‘அடுத்த மாதம் பதிவு செய்துவிடுகிறோம்’ என்பார்கள். பதிவில் இல்லாத மாதங்கள் பயிற்சிக் கணக்கில் சேரும் என்று எண்ண வேண்டாம். நிர்ணயிக்கப்பட்ட தொழிற்பிரிவுகளில் பயிற்சி முடிவில் அகில இந்தியத் தொழில் தேர்வு உண்டு. அதில் தேறினால்தான் என்.ஏ.சி. பயிற்சி முடிந்ததும் ஊருக்குப் போய்த் தேர்வைக் கோட்டைவிடுகிற பையன்களையும் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தாளுக்கு அப்படி என்ன மதிப்பு என்று அவனே கேட்டான். ரயில்வேயை எடுத்துக்கொள்வோம். லெவல் 1 பணிகளுக்கான நேரடித் தேர்வில் 20 சதவீத இடங்கள் ரயில்வே நிறுவனங்களில் அப்ரண்டிஸ் முடித்து என்.ஏ.சி. வைத்திருப்பவர்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. அவர்களும் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் போட்டி அந்த ஒதுக்கீட்டுக்குள் நடக்கும். இவனோ பொது வரிசையில் நிற்கிறான். மாதம் நாலாயிரம் வீதம் ஆண்டுக்கு 48,000 ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்தான். அதிலும் பிடித்தம், விடுதி, சாப்பாடு போக எவ்வளவு மிஞ்சியது என்று கேட்டால் சிரிக்கிறான்.

இதற்காக, கிடைக்கும் முதல் அப்ரண்டிஸ் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவதும் சரியல்ல. ஏற்கெனவே ஓர் இடத்தில் அப்ரண்டிஸ் முடித்தவர்களும் இப்போது பயிற்சியில் இருப்பவர்களும் விண்ணப்பிக்க முடியாது என்று பொதுத்துறை நிறுவன அறிவிப்புகளில் வழக்கமாகப் போட்டிருக்கும். பெரம்பூர் ஐ.சி.எஃப்., திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி. போன்ற இடங்களைக் குறிவைப்பவர்கள் அவற்றின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்வது நல்லது. ரயில்வே மண்டலங்கள் அப்ரண்டிஸ் எடுக்கும்போது பெரும்பாலும் எழுத்துத் தேர்வு வைப்பதில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையும் ஐ.டி.ஐ. மதிப்பெண்ணையும் கூட்டிச் சராசரி பார்க்கிறார்கள். ‘ஐ.டி.ஐ.க்குத்தானே, பத்தாவதில் பாஸானால் போதும்’ என்று நினைத்தவர்கள் இங்கேதான் பின்தங்குகிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பயிற்சி கொடுத்த நிறுவனம் வேலையும் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. ‘முடித்ததும் நிரந்தரம்’ என்று வாய்மொழியாகச் சொன்னால் ஒப்பந்தத்தில் அது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதைக் காட்டி முன்பணம் கேட்டால் கிளம்பிவிடுங்கள்.

மூன்று மாதக் குறுகிய காலச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஐ.டி.ஐ. கேட்கும் பணிக்கு விண்ணப்பிப்பதும் அடிக்கடி நடக்கிறது. அறிவிப்பில் ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்குக் கிடைக்கும் தேசியத் தொழிற்சான்றிதழான என்.டி.சி. அல்லது என்.ஏ.சி. என்று இருந்தால் அந்தக் குறுகிய காலச் சான்றிதழ் அங்கே செல்லாது. தனியார் கடையில், பட்டறையில் நுழைய அது உதவும். அந்த அளவில் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அக்கா மகன் முறையான அப்ரண்டிஸ் இடம் ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறான். அங்கேயும் ஒரு சிக்கல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்கு முன்னால் இருக்கிறது. ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் வருகிறது. சரிபார்ப்பில் பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பிவிட்டது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே ஆதாரைத் திருத்த, நேற்று காலை வரிசையில் நின்று டோக்கன் வாங்கியிருக்கிறான்.