‘பாதி மரபணு, பாதி வளர்ப்பு’: இரட்டையர் ஆய்வு எண்களைப் படிப்பதில் வரும் பிழைகள்

கலகலப்பாகப் பழகும் குணத்தின் மரபுப் பங்கு 50 சதவீதம் என்று படித்ததும், “என் கலகலப்பில் பாதி பெற்றோரின் மரபணு தந்தது” என்று எடுத்துக்கொள்கிறோம். முதல் பிழை இதுதான். அந்த எண் எந்தத் தனி மனிதரையும் பற்றியதல்ல. ஒரு மக்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் எவ்வளவு மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து வருகிறது என்பதையே அது சொல்கிறது. கையில் ஐந்து விரல் முளைப்பது மரபணுவால்தான். ஆனால் விரல் எண்ணிக்கையில் நாம் காணும் வேறுபாடு பெரும்பாலும் விபத்தால் வருவது. ஆகவே அதன் மரபுப் பங்கு மிகக் குறைவு.

அடுத்த பிழை கணக்கில். ஒரு கரு இரட்டையருக்கு மரபணு ஏறத்தாழ முழுவதும் ஒன்று. இரு கரு இரட்டையர், ஆளுக்கு ஆள் மாறும் மரபணுக்களில் சராசரியாகப் பாதியைப் பகிர்கிறார்கள். எனவே ஒரு ஜோடி எவ்வளவு ஒத்திருக்கிறது என்று காட்டும் ஒற்றுமை எண்ணை இரு வகையினருக்கும் எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து இரண்டால் பெருக்கி மரபுப் பங்கைக் கணிப்பது வழக்கம். கலகலப்புக்கு முறையே 0.50, 0.20 என்று வைத்துக்கொள்வோம்.

2 × (0.50 − 0.20) = 0.60

இங்கே நிற்க வேண்டும். மரபணுவும் வீடும் ஒன்றாக இருப்பவர்களே 0.50 அளவுக்குத்தான் ஒத்திருக்கிறார்கள். மரபணுவின் பங்கு மட்டும் எப்படி 0.60 ஆகும்? சூத்திரத்தின் அனுமானம் உடைந்திருக்கிறது. மரபணுக்கள் கூட்டாகச் சேர்ந்து விளைவு தரலாம்; அந்தச் சேர்க்கை ஒரு கரு இரட்டையரிடம் அப்படியே இருக்கும், இரு கரு இரட்டையரிடம் கலைந்துவிடும். அல்லது “இவன் சாது, அவன் வாயாடி” என்று பெற்றோர் ஒப்பிட்டே மதிப்பெண் போட்டிருக்கலாம். வினாத்தாளை நிரப்பியது யார் என்று பார்த்தால் இரண்டாவதைப் பிடித்துவிடலாம்.

தத்து ஆய்வுகளில் எண் இறங்குவதற்கும் முதல் காரணத்துக்கும் தொடர்பு உண்டு. 2015-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், குணங்களின் மரபுப் பங்கு 47 சதவீதம் என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டின. குடும்ப, தத்து ஆய்வுகள் காட்டியதோ 22 தான். பெற்றோர் மரபணுக்களில் பாதியைத்தான் கடத்துகிறார்கள், சேர்க்கையை முழுதாகக் கடத்துவதில்லை. பெரிய எண்ணை மட்டும் மேற்கோள் காட்டுவது நேர்மையல்ல.

ஒரே வீட்டில் வளர்ந்த, இரத்த உறவில்லாத தத்துப் பிள்ளைகளின் குணங்கள் ஏறக்குறைய ஒத்துப்போவதே இல்லை. இதைப் பார்த்துவிட்டு “வளர்ப்பால் பயனில்லை” என்பார்கள். வீடு பிள்ளைகளை ஒரேபோல் ஆக்குவதில்லை என்பதுதான் இதன் பொருள். அதே கண்டிப்பு ஒருவரை அடக்கி, இன்னொருவரை முரண்டு பிடிக்க வைத்திருந்தால் அது இந்தக் கணக்கில் தெரியாது. தத்துக் கொடுக்கும்போது வீடுகளைச் சலித்தே தேர்ந்தெடுக்கிறார்கள். கொடுமையோ கடும் வறுமையோ நிறைந்த வீடுகள் அந்த மாதிரியில் அரிது.

ஒரு கரு இரட்டையர் ஒத்துப்போகாத மீதி 0.50 முழுவதும் அனுபவம் என்பதும் தவறு. வினாத்தாளின் நம்பகத்தன்மை 0.80 என்றால், அதில் 0.20 வெறும் அளவீட்டுப் பிழை.