திருமண அழைப்பிதழை ஜேர்மன் மொழிக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் நடக்கும் திருமணத்திற்கு ஜேர்மனியிலிருந்து மணமக்களின் நண்பர்களும் வருவது இப்போது வழமையாகிவிட்டது. அவர்களுக்கான அழைப்பிதழில் அதிகம் பிழைப்பது நேரத்தை எழுதும் வரிதான்.

“காலை 9.12 முதல் 10.24 வரையுள்ள சுபமுகூர்த்த வேளையில்” என்பதை அப்படியே மாற்றினால், சடங்கு 9.12க்குத் தொடங்கி 10.24க்கு முடிந்துவிடும் என்றே ஜேர்மானியர் விளங்கிக்கொள்வார். அவர் சொன்ன நேரத்திற்குச் சரியாக வந்து சேரும்போது மாப்பிள்ளை அழைப்பு முடிந்திருக்கும், 10.30க்கு வாகனத்தையும் ஒழுங்கு செய்திருந்தால் அறுகரிசி இடுவதற்கும் பந்திக்கும் நிற்காமல் புறப்பட்டுவிடுவார். முகூர்த்தம் என்பது தாலி கட்டுவதற்குக் கணித்த நேரம் மட்டுமே. ஆகவே ஜேர்மன் தாளில் அந்த ஒரு வரியை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: விருந்தினர் 8.30க்கு மண்டபத்திற்கு வரலாம், தாலி 9.12க்கும் 10.24க்கும் இடையில் கட்டப்படும். மதிய உணவு ஏறக்குறைய 11.30க்குத் தொடங்கும். கெட்டிமேளம் திடீரென உரத்து ஒலித்தால் அதுவே தாலி கட்டும் கணம் என்பதையும் சேர்த்துவிடுங்கள். அதை அறியாதவர் அந்தக் கணத்தைத் தவறவிட்டு, மோதிரம் மாற்றுவதையே எதிர்பார்த்துக் காத்திருப்பார்.

அடுத்தது பெயர். “திரு, திருமதி இராசையா தம்பதியினரின் சிரேஷ்ட புத்திரன் இராசையா சிவகுமார்” என்று இருந்தால், இறுதியில் வரும் பெயரைக் குடும்பப் பெயராகக் கொள்வது ஜேர்மானியரின் வழக்கம். தந்தைக்கு ஒரு குடும்பப் பெயரும் மகனுக்கு வேறொன்றும் இருப்பதாக அவர் குழம்புவார். முதலில் வருவது தந்தையின் பெயர், பின்னால் வருவது மணமகனின் சொந்தப் பெயர் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். சிரேஷ்ட, கனிஷ்ட என்பவற்றை மூத்த மகன், இளைய மகள் என்று எழுதினால் போதும்.

“குடும்ப சமேதராய் வருகை தந்து” என்பதிலும் கவனம் தேவை. ஜேர்மனியில் உறையில் யாருடைய பெயர் உள்ளதோ அவரே அழைக்கப்பட்டவர் எனக் கொள்வது பொதுவான வழக்கம். துணைவரையும் பிள்ளைகளையும் உண்மையாகவே அழைக்கிறீர்கள் என்றால் அவர்களின் பெயரை எழுதுங்கள்; பதில் தர வேண்டிய திகதியையும் குறிப்பிடுங்கள். கல்யாணச் சாப்பாடு மரக்கறி என்பதையும், கறுப்பு உடையைத் தவிர்ப்பது நல்லது என்பதையும் அதே இடத்தில் சொல்லலாம்.

இறுதியாக, அட்டையின் மேற்புறத்தில் உள்ள சுவஸ்திகம். நாசிகளின் சின்னங்களைப் பொதுவெளியில் காட்டுவதை ஜேர்மன் தண்டனைச் சட்டத்தின் 86அ பிரிவு தடை செய்கிறது. நமது சமயச் சின்னம் அதிலிருந்து வேறானதுதான், ஆயினும் அஞ்சலில் வந்த உறையைத் திறப்பவரின் மனதில் முதலில் எழுவது அதிர்ச்சியே. ஒரு விளக்கக் குறிப்பால் அதைத் தணிக்க முயல்வதைவிட, ஜேர்மன் தாளில் பிள்ளையாரையோ குத்துவிளக்கையோ அச்சிடுமாறு அச்சகத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.